பக்கத்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குறிப்பு: ஊருக்குப் போகும்முன் ஒவ்வொரு தொட்டிக்கும் அளவு கண்டுபிடித்து எழுதும் முறை

“செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தி உட்ருங்கக்கா” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகித்தான் சாகின்றன. ஒப்புக்கொண்டவருக்குப் பொறுப்பு அதிகம், அளவோ தெரியாது. அதனால் எல்லாத் தொட்டிக்கும் தினமும் ஒரே மாதிரி ஊற்றிவிடுகிறார். கற்றாழைக்கும் மல்லிகைக்கும் ஒரே மக்கு. குற்றம் ஊற்றியவருடையது அன்று, அவர் கையில் எண் ஒன்றும் கொடுக்காமல் போனவருடையது.

கோவையில் மேற்குப் பார்த்த இரண்டாம் மாடிப் பால்கனி ஒன்றை, மே மாதத்தில் பத்து நாள் பயணத்துக்காக எதிர்வீட்டு அக்காவிடம் ஒப்படைத்த நிகழ்வையே இங்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல்; முழங்கால் வலி உண்டு; செடி வளர்த்துப் பழக்கம் இல்லை. தொட்டிகள் எட்டு: மல்லிகை, ரோஜா, துளசி, புதினா, கறிவேப்பிலை, மணி பிளான்ட், அடீனியம், சோற்றுக் கற்றாழை. உங்கள் செடிகள் வேறாக இருக்கலாம். அளவு கண்டுபிடிக்கும் முறை மாறாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதலில் தொட்டிகளை இடம் மாற்ற வேண்டும், பிறகு அளக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும், பிறகு ஊற்றப் போகிறவரையே ஒரு முறை ஊற்ற வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு செடிக்கு இவ்வளவு தண்ணீர் என்னும் எண் அந்தச் செடிக்கு மட்டும் உரியதன்று. அது நிற்கும் இடத்துக்கும் உரியது. வெயிலில் வைத்து அளந்துவிட்டு, கிளம்பும் நாள் இரவில் அக்கறையோடு நிழலுக்கு நகர்த்திவிட்டுப் போனால், குறிப்பில் எழுதிய எண் பொய்யாகிவிடும். நான் முதல் ஆண்டில் அப்படித்தான் ஒரு கறிவேப்பிலையை இழந்தேன். அக்கா நான் எழுதியபடியே ஊற்றியிருந்தார். செடிதான் நான் அளந்த இடத்தில் இல்லை.

1. முன்கூட்டியே வேண்டியவை

கிளம்புவதற்குக் குறைந்தது ஒன்பது, பத்து நாட்கள் முன்னதாகத் தொடங்க வேண்டும். இரண்டு நாள் இருக்கும்போது தொடங்கினால் அளப்பதற்கு நேரம் கிடைக்காது, மனம்போன அளவைத்தான் எழுத நேரும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, அடித்தட்டுகள், ஒரு நோட்டு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஆகிய மூன்று நிறங்களில் துணிப்பட்டை அல்லது நூல் ஆகியவை போதும். இவற்றோடு அளவுப் பாத்திரம் ஒன்று வேண்டும். நான் வைத்தது பழைய எவர்சில்வர் டம்ளர். பாட்டிலை நிரப்பி அந்த டம்ளரில் ஊற்றிப் பார்த்ததில், விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை ஊற்றினால் சரியாக நான்கு டம்ளர் வந்தது. ஆக ஒரு டம்ளர் கால் லிட்டர். அந்த மட்டத்தில் உட்புறம் ஆணியால் ஒரு கீறல் போட்டுவிட்டேன்.

பாத்திரம் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது பால்கனியிலேயே இருக்க வேண்டும். “ஒரு சொம்பு” என்று எழுதினால் உங்கள் வீட்டுச் சொம்பு வேறு, அவர் வீட்டுச் சொம்பு வேறு. கொங்குப் பக்கத்து வீடுகளில் போசி என்றால் கையளவுப் பாத்திரமும் உண்டு, குழம்பு வைக்கும் பாத்திரமும் உண்டு. மில்லி லிட்டரிலும் எழுத வேண்டாம். ஊற்றுகிறவர் மனத்தில் கணக்குப் போடும்படி எதுவும் இருக்கக் கூடாது.

பாத்திரம் ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்றால், பெரிய மக்கில் அரை, முக்கால் என்று எழுத நேரும். அரை மக்கு என்பது ஆளுக்கு ஆள் மாறும். மூன்று டம்ளர் என்பது யார் ஊற்றினாலும் மூன்று டம்ளர்தான்.

2. முதலில் இடம் மாற்றுதல்

மேற்குப் பார்த்த பால்கனியில் மதியத்துக்கு மேல் வெயில் கம்பி ஓரத்துத் தொட்டிகளில் நேராக விழும். தொட்டியின் பக்கச் சுவரே சூடாகி, மண்ணோடு வேரையும் சேர்த்துச் சுடும். ஆகவே பயணக் காலத்துக்கு எல்லாத் தொட்டிகளையும் சுவர்ப் பக்கமாக நகர்த்தி, ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வையுங்கள். நெருக்கமாக நிற்கும் தொட்டிகள் ஒன்றுக்கொன்று நிழலாகும். காற்றும் இடையில் புகுந்து அதிகமாக உலர்த்தாது. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் வெயில் வேண்டும் என்பது உண்மைதான். பத்து நாளைக்குப் பூ சற்றுக் குறைந்தால் நட்டமில்லை.

அடுக்கும்போது கற்றாழையையும் அடீனியத்தையும் தனியே கூடத்தின் மறுகோடியில் வையுங்கள். மற்ற தொட்டிகளோடு கலந்து வைத்தால், ஊற்றிக்கொண்டே வரும் கை அவற்றையும் விட்டுவைக்காது. குறிப்பில் எத்தனை முறை “வேண்டாம்” என்று எழுதினாலும், தனியே வைப்பதற்கு அது ஈடாகாது.

இதே நாளில் புதினாவை மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்துத் துவையல் அரைத்துவிடலாம். இலை குறைந்தால் அது குடிக்கும் தண்ணீரும் குறையும். மல்லிகையில் நீண்டு தொங்கும் கொடிகளையும் நறுக்கிவிடுங்கள். மண்ணின் மேல் தென்னை நாரையோ காய்ந்த இலையையோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினால் மேல்மண் அவ்வளவு சீக்கிரம் காயாது. தண்டை ஒட்டி மட்டும் பரப்பாமல் சிறிது இடம் விடுங்கள், ஈரம் அங்கேயே தங்கினால் தண்டு அழுகும்.

இந்த நாட்களில் உரம் போடுவதும் தொட்டி மாற்றுவதும் கூடாது. தொட்டி மாற்றிய செடியின் வேர் சில நாட்களுக்குச் சரியாகத் தண்ணீர் எடுக்காது. அதை வைத்து எடுக்கும் அளவும் சரியாக இராது.

3. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கண்டுபிடித்தல்

இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஒரு முறைக்கு எவ்வளவு. பலரும் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள். இடைவெளி தெரியாமல் அளவு தெரிந்து பயனில்லை.

தொட்டிகளை நகர்த்திய மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் அடித்துளை வழியாகத் தண்ணீர் வடியும் வரை ஊற்றுங்கள். அன்று முதல் தினமும் காலை ஒரே நேரத்தில் சுட்டுவிரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். துளசி, புதினா, ரோஜா, மல்லிகை ஆகியவற்றுக்கு விரலின் முதல் கணு வரை காய்ந்திருந்தால் தண்ணீர் வேண்டிய நாள் வந்துவிட்டது. கறிவேப்பிலைக்கும் மணி பிளான்டுக்கும் இரண்டாம் கணு வரை காயட்டும். இரண்டுக்குமே வேரில் ஈரம் தேங்கினால் ஆகாது. அடீனியமும் கற்றாழையும் தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பவை; மண் முழுதும் காய்ந்த பிறகும் அவற்றால் சில நாள் தாங்க முடியும்.

விரல் வைத்துப் பார்ப்பதில் ஒரு ஏமாற்றம் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க் கழிவு எளிதாகக் கிடைப்பதால் இங்கே பல வீட்டுத் தொட்டிகளில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கிறது. நார்க் கழிவின் மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்து தெரியும்போதும் அடியில் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஈரம் இருக்கும். ஆகவே இத்தகைய தொட்டிகளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், ஓரத்தைப் பிடித்துச் சற்றே சாய்த்துக் கனம் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய உடன் இருந்த கனமும் இப்போது இருக்கும் கனமும் கைக்கே தெரியும்.

எங்கள் பால்கனியில் மே மாதத்தில் வந்த விடை இது. மல்லிகை, ரோஜா, துளசி, புதினா நான்குக்கும் தினமும் வேண்டியிருந்தது. கறிவேப்பிலை பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இருப்பதால் ஒன்றுவிட்டு ஒருநாள். கூடத்துக் கதவோரம் நிழலில் நிற்கும் மணி பிளான்டுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை. அடீனியத்துக்குப் பயணத்தின் நடுவில் ஒரு முறை. கற்றாழைக்கு ஒன்றும் வேண்டாம்.

4. ஒரு முறைக்கு எவ்வளவு என்று அளத்தல்

அளக்கும் முறை எளிது. செடிக்குத் தண்ணீர் வேண்டிய நாளன்று தொட்டியின் கீழ் காலித் தட்டு ஒன்றை வைத்து, ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். தட்டில் தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்துத் தட்டில் சேர்ந்ததை அளந்து, ஊற்றியதிலிருந்து கழித்தால், மண் பிடித்துக்கொண்ட அளவு வரும். கடந்த முறை ஊற்றியதிலிருந்து இன்று வரை செடியும் வெயிலும் எடுத்துக்கொண்ட தண்ணீர் அவ்வளவுதான். அதைத்தான் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அங்குல மண் தொட்டி. முதல் நாள் 900 மில்லி ஊற்றினேன், தட்டில் 200 சேர்ந்தது; ஆக 700. இரண்டாம் நாள் 650. மூன்றாம் நாள் காற்று பலமாக இருந்தது, 800. மூன்று நாள் சராசரி 720 மில்லிக்குச் சற்றுக் குறைவு. டம்ளர் கணக்கில் மூன்று. ஒரே நாள் அளந்துவிட்டு நிறுத்தியிருந்தால் 650 என்றோ 800 என்றோ எழுதியிருப்பேன். அதனால்தான் தினமும் ஊற்றும் செடிகளை மூன்று நாளாவது அளக்கச் சொல்கிறேன்.

மண் தொட்டி தன் சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியே விடும், பிளாஸ்டிக் விடாது. ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே செடி இருந்தாலும் எண் வேறாக வரும். “என் வீட்டு மல்லிகைக்கு மூன்று டம்ளர்” என்று யாராவது சொன்னால் அதை அப்படியே உங்கள் குறிப்பில் எழுதாதீர்கள். நான் எழுதியிருக்கும் எண்களுக்கும் இது பொருந்தும்.

அளப்பதில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. நன்றாகக் காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். அப்போது ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே கீழே இறங்கித் தட்டை நிரப்பிவிடும். மண்ணின் நடுப்பகுதி காய்ந்தபடியே இருக்கும். பார்ப்பவர் “கால் லிட்டருக்கே வடிந்துவிட்டது, இதற்குக் கொஞ்சம்தான் வேண்டும்” என்று எழுதிவிடுவார். ஊற்றிய சில நொடிகளிலேயே வடிந்தால் அந்த அளவை நம்பாதீர்கள். அந்தத் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரம் மூழ்கும்படி அரை மணி நேரம் வைத்து மண்ணை முழுதும் நனைத்தெடுத்து, அடுத்த முறையிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

மற்றவற்றுக்கு வந்த அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் ரோஜாவுக்கு இரண்டு டம்ளர். எட்டு அங்குல மண் தொட்டியில் துளசிக்கு ஒன்று. அறுத்துவிட்ட புதினாவுக்கு ஒன்று. அறுக்காமல் இருந்தபோது இரண்டு கேட்டது. கறிவேப்பிலைக்கு ஊற்றும் நாளில் நான்கு. மணி பிளான்டுக்கு ஒன்று. அடீனியத்துக்கு இரண்டு. வழக்கமான நாளில் மொத்தம் ஏழு டம்ளர், கறிவேப்பிலை சேரும் நாளில் பதினொன்று, அதோடு மணி பிளான்டும் சேரும் நாளில் பன்னிரண்டு. அதாவது மூன்று லிட்டருக்கு மேல் போகாது. முழங்கால் வலி உள்ளவர் பெரிய வாளியைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கூட்டலையும் போட்டுப் பாருங்கள். மொத்தம் பதினைந்து லிட்டர் என்று வந்தால் அது ஒரு பக்கத்து வீட்டாரிடம் கேட்கக் கூடிய உதவியன்று. தொட்டிகளைப் பிரித்து இரண்டு வீட்டில் கொடுப்பது நல்லது.

5. எந்தத் தண்ணீர், எந்த நேரம்

கோவையில் பல வீடுகளுக்கு இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. சிறுவாணி போன்ற குழாய்க் குடிநீர் ஒன்று, போர் தண்ணீர் மற்றொன்று. போர் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் தொட்டியின் ஓரத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படிவு கட்டும். இலை நுனிகள் கருகும். பத்து நாளைக்கு அதனால் செடி சாகாது. ஆனால் நீங்கள் எந்தக் குழாயைப் பயன்படுத்துகிறீர்களோ அதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதால், வேண்டாம் என்று ஒரு வரி எழுதுவது நல்லது.

நேரம் காலை எட்டு மணிக்குள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர் மே மாதத்தில் பிற்பகலில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதை வேரில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். அவரால் காலையில் வர முடியாது என்றால் மாலை ஆறுக்கு மேல் வரட்டும். அப்படியானால், வரும்போது வாளியில் பிடித்து வைத்திருக்கும் ஆறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, போகும்போது அடுத்த நாளுக்குப் பிடித்து மூடி வைத்துவிட்டுப் போகலாம். மூடாமல் வைத்தால் கொசு முட்டையிடும்.

6. தொட்டிகளில் அடையாளம் இடுதல்

“கறிவேப்பிலைக்கு நான்கு டம்ளர்” என்று எழுதினால் எவருக்கும் புரியும். “அடீனியத்துக்கு இரண்டு” என்று எழுதினால் புரியாது. எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்து “அந்தக் குண்டுத் தண்டுச் செடியாங்க?” என்று கேட்டார். ஊற்றுகிறவருக்குப் பெயர் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

தொட்டிகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதுங்கள். கதவைத் திறந்ததும் இடப்பக்கம் முதலில் நிற்கும் தொட்டி ஒன்று; அங்கிருந்து நடந்து போகும் வரிசையிலேயே எண்கள் போக வேண்டும். குறிப்பும் அதே வரிசையில். எண்ணோடு நிறமும் கட்டுங்கள்: தினமும் ஊற்ற வேண்டியவற்றுக்குச் சிவப்பு, குறிப்பிட்ட கிழமையில் மட்டும் ஊற்ற வேண்டியவற்றுக்கு மஞ்சள், தொடவே கூடாததற்கு வெள்ளை. காலை அவசரத்தில் தாளைப் பார்க்காமல் வந்தாலும் நூலின் நிறம் கையை நிறுத்தும்.

7. குறிப்பை எழுதுதல்

ஒரே பக்கம். பெரிய எழுத்து. கதவின் உட்புறம் கண் மட்டத்தில் ஒட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடுதலாக இருக்கலாம், அதற்குப் பதிலாக இருக்கக் கூடாது. ஈரக் கையோடு கைப்பேசியை எடுத்துப் பழைய செய்தியைத் தேட யாராலும் முடியாது.

“ஒன்றுவிட்டு ஒருநாள்”, “மூன்று நாளுக்கு ஒரு முறை” என்னும் சொற்களைக் குறிப்பில் பயன்படுத்தாதீர்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் எண்ணிக்கை அங்கேயே குழம்பிவிடும். கிழமையை எழுதுங்கள். நாங்கள் சனிக்கிழமை காலையில் கிளம்பி அடுத்த வாரத் திங்கள் இரவில் திரும்பினோம். சனி காலை நானே ஊற்றினேன். அக்கா ஊற்ற வேண்டியது ஞாயிறு முதல் அடுத்த திங்கள் வரை ஒன்பது காலைகள். அந்தக் குறிப்பை அப்படியே தருகிறேன்.

“அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். ஞாயிறு முதல் அடுத்த வாரத் திங்கள் வரை காலை எட்டு மணிக்குள் ஊற்றினால் போதும். பால்கனியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் கீறல் வரை ஒரு டம்ளர் என்று கணக்கு. சமையலறைக் குழாயில் சின்ன வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு நூல், தினமும்: 1 மல்லிகை, மூன்று டம்ளர். 2 ரோஜா, இரண்டு. 3 துளசி, ஒன்று. 4 புதினா, ஒன்று.

மஞ்சள் நூல், சொன்ன கிழமையில் மட்டும்: 5 கறிவேப்பிலை, நான்கு டம்ளர், முதல் திங்கள், புதன், வெள்ளி, இரண்டாம் ஞாயிறு. 6 மணி பிளான்ட், ஒரு டம்ளர். செவ்வாய், வெள்ளி, கடைசித் திங்கள். 7 குண்டுத் தண்டுச் செடி, இரண்டு டம்ளர். வியாழன் ஒரு நாள் மட்டும்.

வெள்ளை நூல்: 8 கற்றாழை. தண்ணீர் வேண்டாம். வாடினது போலத் தெரிந்தாலும் வேண்டாம்.

ஒரே இடத்தில் கொட்டாமல், தண்டைச் சுற்றி மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும் முன் மேலே இருக்கும் நாரை விலக்கி விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள். அங்கே சொதசொதவென்று இருந்தால் அந்தத் தொட்டிக்கு அன்று வேண்டாம். மழை பெய்த மறுநாள் இதைக் கட்டாயம் பாருங்கள். மதியம் இலை தொங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம். மறுநாள் காலையிலும் தொங்கியபடி இருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றுங்கள்.

ஒரு நாள் வர முடியாவிட்டால் பரவாயில்லை. மறுநாள் இரண்டு மடங்கு ஊற்ற வேண்டாம், அதே அளவு போதும். மல்லிகை மொட்டையும் கறிவேப்பிலையையும் பறித்துக்கொள்ளுங்கள்.”

குறிப்பிலுள்ள கிழமைகளுக்குக் கீழே ஒன்பது நாட்களையும் கட்டம் கட்டி எழுதி, பேனா ஒன்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஊற்றியதும் ஒரு கோடு. அவர் வீட்டில் அவர் மகள் வந்து ஊற்றிய நாளும் உண்டு. கட்டத்தில் கோடு இருந்ததால் இருவரும் ஊற்றிவிடவில்லை.

8. குறிப்பில் தவறாமல் இருக்க வேண்டிய மூன்று வரிகளும் காரணங்களும்

மேலே உள்ள குறிப்பின் சில வரிகள் மிகையாகத் தோன்றலாம். அவை ஏன் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.

மதிய வாட்டம் முதலாவது. கடும் வெயிலில் இலை வழியாக வெளியேறும் தண்ணீரை வேர் அதே வேகத்தில் கொடுக்க முடியாமல் போகும்போது, மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். வெயில் இறங்கியதும் தானே நிமிரும். வேர் அழுகிய செடியும் இப்படித்தான் தொங்கும், ஏனென்றால் அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. ஆக ஒரே தோற்றத்துக்கு மூன்று காரணங்கள்: வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை, தண்ணீர் மிகுதி. புதியவர் மூன்றுக்கும் தண்ணீரையே மருந்தாகக் கொடுப்பார். காலையில் பார்ப்பது வெயிலைத் தள்ளிவிடும். விரலால் மண்ணைப் பார்ப்பது மற்ற இரண்டையும் பிரித்துக் காட்டும். மண் ஈரமாக இருந்து, அடி இலைகள் மஞ்சளாகி, மண்ணில் புளித்த நாற்றமும் வந்தால் அது மிகுதிதான்.

இரண்டாவது மழை. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வரும் கோடை மழை காற்றோடு சாய்வாக அடிக்கும். கம்பி ஓரத் தொட்டி நனையும், சுவரோரத் தொட்டி நனையாது; நனைந்ததும் பல நேரம் மேல்மண் மட்டும்தான். “மழை பெய்தால் ஊற்ற வேண்டாம்” என்று மொத்தமாக எழுதினால் பாதித் தொட்டிகள் காயும். ஆகவேதான் தொட்டிக்குத் தொட்டி விரல் வைக்கச் சொல்வது.

மூன்றாவது, விட்டுப்போன நாளுக்கு ஈடுகட்டுதல். மண் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மேல் ஊற்றுவதெல்லாம் கீழே வடியும். வடிந்தது தட்டில் தேங்கும், அல்லது கீழ்வீட்டுப் பால்கனியில் சொட்டும். மே மாதத்தில் கீழ்வீட்டில் வடகம் காயும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி நேர்ந்து, செடியை விடப் பெரிய விவகாரமாகிவிட்டது.

9. அடித்தட்டுகள்

பயணக் காலத்தில் தட்டுகளை எடுத்துவிட வேண்டுமா, வைக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அளவு சரியாக இருந்தால் தட்டில் ஒன்றும் சேராது, அல்லது சிறிது சேர்ந்து மாலைக்குள் காய்ந்துவிடும். டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்கள் ஊரில் இல்லாத காலமும் அவ்வளவுதான். ஆகவே கீழே சொட்டினால் பாதகமில்லாத தொட்டிகளின் தட்டை எடுத்துவிடுங்கள். மற்றவற்றின் தட்டில் ஆற்று மணலை நிரப்பி வையுங்கள். வடியும் சிறிது நீரை மணல் வாங்கிக்கொள்ளும், மேலே தண்ணீர் நிற்காது.

10. ஒத்திகை

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக, காலையில் பக்கத்து வீட்டாரை அழைத்து, குறிப்பை மட்டும் கையில் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் நில்லுங்கள். இதுதான் கடினமான படி. அவர் எங்கே நின்று யோசிக்கிறார், எதைத் திரும்பப் படிக்கிறார் என்று பாருங்கள். அந்த வரிகள்தான் திருத்தப்பட வேண்டியவை.

எங்கள் ஒத்திகையில் மூன்று செய்திகள் தெரிந்தன. அக்கா டம்ளரை விளிம்பு வரை நிரப்பினார், கீறல் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. உட்புறக் கீறலோடு வெளிப்புறத்தில் சிவப்பு நகப் பூச்சால் ஒரு கோடு போட்டேன். இரண்டாவதாக, தண்ணீரை ஒரே இடத்தில் வேகமாகக் கவிழ்த்தார், மண்ணில் குழி விழுந்து சிறிய வேர் வெளியே தெரிந்தது. குறிப்பில் “மெதுவாக” என்னும் வரி அப்போது சேர்ந்ததுதான். மூன்றாவதாக, குனிந்து ஊற்றுவது அவருக்குச் சிரமமாக இருந்தது. தரையில் இருந்த நான்கு சிவப்பு நூல் தொட்டிகளையும் ஒரு பழைய பெஞ்சின் மேல் ஏற்றினேன்.

பெஞ்சில் ஏற்றியதும் இடம் மாறிவிட்டதல்லவா? உயரத்தில் காற்று கூடுதலாகப் படும். அடுத்த இரு காலையும் மீண்டும் அளந்தேன். ரோஜாவும் துளசியும் மாறவில்லை. மல்லிகை ஐம்பது மில்லி கூடுதலாகக் கேட்டது, மூன்று டம்ளரை மிகச் சிறிதே தாண்டியது என்பதால் எண்ணை மாற்றவில்லை.

அதே ஒத்திகையில் வீட்டுச் சாவி, பால்கனித் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய் மூன்றையும் அவரே திறந்து மூடிப் பார்க்கட்டும்.

11. கிளம்பும் காலை

கற்றாழையைத் தவிர எல்லாத் தொட்டிகளுக்கும் வடியும் வரை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை ஊற்றுங்கள். முதல் முறை மண் நனையும். இரண்டாம் முறைதான் உள்ளே முழுதும் பிடிக்கும். பிறகு தட்டில் நிற்பதைக் கொட்டுங்கள். இதைச் சரியாகச் செய்தால் பக்கத்து வீட்டார் முதல் நாள் வர மறந்தாலும் துளசியையும் புதினாவையும் தவிர மற்றவை தாங்கும்.

அவை இரண்டையும் பற்றி அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிறிய தொட்டி முதலில் காயும். அவை போனால் பத்து ரூபாய்க் கட்டுப் புதினாவிலிருந்து காம்பு நட்டும், துளசி விதையைத் தூவியும் மீட்டுவிடலாம். எதைக் கட்டாயம் காக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது கறிவேப்பிலை. நேரமில்லாத நாளில் எதை முதலில் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

12. இந்த எண்கள் எதுவரை செல்லும்

மே மாதத்தில் அளந்த எண்ணை ஆடி மாதப் பயணத்துக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் வீசும் காற்று கோவையிலும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களிலும் பலமாக இருக்கும். வானம் மேகமாகவும் வெயில் குறைவாகவும் தெரிந்தாலும், அந்தக் காற்று இலையையும் மண் தொட்டியின் சுவரையும் உலர்த்திக்கொண்டே இருக்கும். கொடி படர்ந்த மல்லிகை அதில் வெயில் காலத்துக்குச் சமமாகவே குடிக்கலாம். சுவர் மறைவில் நிற்கும் தொட்டிக்கு அதே வாரத்தில் பாதி போதுமாக இருக்கலாம். மார்கழியில் எல்லாமே குறையும். குறிப்பின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், டம்ளர் எண்ணிக்கையை மட்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக அளந்து எழுதுங்கள்.

பயணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் செடியும் வளர்ந்திருக்கும், வானிலையும் மாறியிருக்கும். ஒரு வாரம் கழிந்ததும் மல்லிகை, கறிவேப்பிலை இரண்டையும் மட்டும் காலை வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடி இலை மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு டம்ளர் குறைக்கச் சொல்லலாம். கொழுந்து காலையிலேயே தொங்கினால், முதலில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் கூட்டச் சொல்லுங்கள்.